காலை வணக்கமும் உயிர்வாழ் சான்றும்

காலை ஐந்தரைக்கு என் கைபேசி கத்த ஆரம்பிக்கும். ஆறு மணிக்குள் குறைந்தது பதினைந்து வணக்கம் வந்துவிடும். ரோஜாப்பூ, காப்பிக் கோப்பை, மலைக்குப் பின்னால் எழும் சூரியன், கைகூப்பிய குழந்தை. எல்லாவற்றின் கீழும் ஒரு பொன்மொழி. முந்தின நாள் நான் ஒருவருக்கு அனுப்பிய ரோஜா, மறுநாள் வேறு ஒருவர் மூலமாக எனக்கே திரும்பி வந்ததும் உண்டு. ஆகவே மற்றவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஐந்து வருடம் போல நானும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன். அதை ஏன் விட்டேன், விட்ட பிறகு காலை வணக்கம் எழுத எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக இரண்டு வரி. நான் பிறந்தது காரைக்காலில். படித்தது பிரெஞ்சு வழியில். 1962 ஆகஸ்ட் 16 அன்று எங்கள் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது நான் பள்ளிக்கூடத்துப் பையன். பிறகு புதுச்சேரி அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, எழுத்தராகவே இருந்து, எழுத்தராகவே ஓய்வு பெற்றேன். மனைவி காலமான பிறகு மகள் வீட்டோடு மேச்சேரிக்கு வந்துவிட்டேன். மாப்பிள்ளைக்கு மேட்டூரில் வேலை.

காரைக்காலில் எனக்கு ஒரு நண்பன் இருக்கிறான். ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. அவன் மகன் பாரிசில். இவன் மட்டும் தனியாக, பெரிய வீட்டில். தினமும் சரியாக ஐந்தரைக்கு அவனிடமிருந்து ஒரு படம் வரும். நான் பதிலுக்கு ஒரு படம் அனுப்புவேன், அல்லது இரண்டு கை கூப்பிய பொம்மையை அனுப்புவேன். தினமும் பேசிக்கொள்கிறோம் என்றுதான் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

2022 நவம்பர். ஓய்வூதியக்காரர்களுக்கு நவம்பர் என்றால் என்ன என்று தெரியும். உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டிய மாதம். "கொடுத்துவிட்டாயா?" என்று கேட்பதற்காக அவனுக்கு ஒரு நாள் போன் போட்டேன். எடுத்தது அவன் இல்லை, பக்கத்து வீட்டுப் பையன். "மாமா ஆஸ்பத்திரியிலே இருக்காங்க. குளியலறையிலே வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சுடுச்சு. ஆபரேஷன் ஆகி இன்னியோட ஒன்பது நாள் ஆகுது" என்றான்.

எனக்கு விளங்கவில்லை. அன்று காலைகூடப் படம் வந்திருந்தது. கைபேசியைத் திறந்து பின்னோக்கித் தள்ளிப் பார்த்தேன். ஒன்பது நாளும் வந்திருக்கிறது. ஒரு நாள்கூடத் தவறவில்லை. அறுவைச் சிகிச்சைக்கு அழைத்துப் போன அன்று வந்த படத்தில் சூரியகாந்திப் பூவும், நாளைப் புன்னகையோடு தொடங்கச் சொல்லும் ஒரு வாசகமும் இருந்தன. அதற்கு நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருந்தேன்.

மறுநாள் அவனிடம் பேசினேன். "ஏன்டா சொல்லவில்லை?" என்றேன். "மகனுக்குத் தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு ஓடி வருவான். யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று இருந்தேன். படம் போகாவிட்டால் சந்தேகம் வரும். அதனால் படுத்தபடியே தள்ளிவிட்டேன்" என்றான். மகனும் அந்தப் படங்களைப் பார்த்து, அப்பா நன்றாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "நீ ஒரு நாள் 'சவா?' என்று கேட்டிருந்தால்கூட இல்லை என்று சொல்லியிருப்பேன்டா" என்றான். சவா என்பது பிரெஞ்சில் "சௌக்கியமா?" என்று கேட்பது. அதற்குப் பதிலும் சவாதான். பள்ளியில் தினமும் பத்துத் தடவை கேட்டுக்கொள்வோம். பொருளே இல்லாத கேள்வி என்று அப்போது சிரிப்போம். அந்தப் பொருளில்லாத கேள்வியைக்கூட நான் கேட்கவில்லை.

உயிர்வாழ் சான்றில் ஒரு விஷயம் உண்டு. ஆள் நேரில் போய் முகத்தைக் காட்ட வேண்டும். 2014இல் 'ஜீவன் பிரமாண்' வந்த பிறகு வீட்டிலிருந்தே கொடுக்கலாம், ஆனால் அதற்கும் கைரேகையோ கருவிழியோ முகமோ வேண்டும். அந்த ஆளிடமிருந்து மட்டுமே வரக்கூடிய ஒன்று அதில் இருந்தாக வேண்டும். போன வருடத்துச் சான்றை நகல் எடுத்து அனுப்பினால் எந்தக் கருவூலமும் வாங்காது. வயதானவர்களின் காலை வணக்கமும் ஒரு வகை உயிர்வாழ் சான்றுதான். நாமோ அதில் ஊரார் கைரேகையை வைத்து அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

இது எங்கள் இரண்டு பேர் கதை மட்டும் இல்லை. 2018 ஜனவரியில் அமெரிக்காவின் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் இதைப் பற்றி ஒரு செய்தியே போட்டது. இந்தியாவில் கைபேசிகள் ஏன் இப்படி அடைத்துக்கொண்டு நின்றுபோகின்றன என்று கூகுள்காரர்கள் ஆராய்ந்ததில், காலை வணக்கப் படங்கள் முக்கியக் காரணமாகத் தெரியவந்ததாம். அவற்றைக் கண்டுபிடித்து மொத்தமாக அழிக்க உதவும் ஒரு செயலியையும் அதற்கு முந்தைய மாதம்தான் வெளியிட்டிருந்தார்கள். அதே 2018 ஜூலையில் வாட்ஸ்அப், கைமாறி வந்த செய்திகளின் தலையில் 'Forwarded' என்று எழுத ஆரம்பித்தது. பல கை மாறி வந்திருந்தால் இரண்டு அம்புக்குறி போடும். அப்படிப்பட்டதை 2020 ஏப்ரலிலிருந்து ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் தள்ள முடியும். ஆனால் அந்த முத்திரையை மட்டும் நம்பிப் பயனில்லை. வாசகத்தை நகல் எடுத்து ஒட்டி அனுப்பினால் முத்திரை விழாது. சொந்தக் கையால் தட்டினாலும், தட்டுவது ஊரார் வாசகமாக இருந்தால் அதுவும் கைமாறிய சரக்குதான். அதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

நண்பன் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய மறுநாள், இனி படம் அனுப்பக்கூடாது, எழுதத்தான் வேண்டும் என்று உட்கார்ந்தேன். முதலில் எழுதியது இது:

"அன்பு நண்பா, இந்த இனிய காலைப் பொழுதில் நீ பூரண உடல்நலமும் மனமகிழ்ச்சியும் பெற்று வாழ இறைவனை வேண்டுகிறேன். இந்த நாள் உனக்கு இனிய நாளாக அமையட்டும்."

படித்துப் பார்த்தேன். பிழை இல்லை. ஆனால் ரோஜாப்பூவின் கீழ் அச்சடித்தால் அப்படியே பொருந்தும். அலுவலகத்தில் எங்களிடம் சில கடிதங்கள் அச்சிட்ட படிவமாகவே இருக்கும். பெயரையும் தேதியையும் மட்டும் நிரப்பி அனுப்புவோம். இதுவும் அந்த ஜாதிதான். இதை நண்பனுக்குப் போட வேண்டிய உறையிலிருந்து எடுத்து என் சம்பந்தியின் உறையில் போட்டாலும் சரியாக இருக்கும். பல் டாக்டருக்குப் போட்டாலும் சரியாக இருக்கும். அன்றிலிருந்து இதற்கு உறை மாற்றும் சோதனை என்று பெயர் வைத்தேன். வேறு ஒருவர் உறையில் பொருந்துகிற வணக்கத்தை அனுப்புவதில்லை.

அழித்துவிட்டு இரண்டாவது எழுதினேன்:

"காலை வணக்கம். இங்கே நல்ல பனி. இன்று புதன்கிழமை ஆனதால் சந்தைக்கு ஆடு ஏற்றிய வண்டிகள் போய்க்கொண்டிருக்கின்றன."

இது கொஞ்சம் தேவலை. மேச்சேரியில் உட்கார்ந்திருக்கிற ஒருவன்தான் இதை எழுத முடியும். அனுப்புகிற ஆள் வந்துவிட்டான். ஆனால் வாங்குகிற ஆள் இதில் இல்லை. வானொலியில் மாநிலச் செய்திகள் வாசிப்பது மாதிரி இருக்கிறது.

அப்போதுதான் என் பழைய தொழில் கைகொடுத்தது. அரசு அலுவலகக் கடிதத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். விளித்தவுடன் இரண்டு வரி இருக்கும். ஒன்று, 'பொருள்:'. எதைப் பற்றி எழுதுகிறோம் என்பது. அடுத்தது, 'பார்வை:'. தங்களது இந்தத் தேதியிட்ட இந்த எண் கடிதம் என்று, இதற்கு முன் நடந்ததைக் குறிப்பது. பொருள் இல்லாத கடிதத்தை யாரும் படிக்க மாட்டார்கள். பார்வை இல்லாத கடிதம் எந்தக் கோப்பிலும் சேராது, தனியாகக் கிடக்கும். முப்பத்தைந்து வருடம் தினமும் இதை எழுதிய கைக்கு, நண்பனுக்கு எழுதும்போது மட்டும் இது மறந்துபோயிருக்கிறது.

என் இரண்டாவது வணக்கத்தில் பொருள் இருந்தது, ஆட்டு வண்டி. பார்வைதான் இல்லை. அவனுக்கும் எனக்கும் இதற்கு முன் நடந்த ஏதோ ஒன்று அதில் வர வேண்டும். மூன்றாவது இப்படி ஆனது:

"இன்று மேச்சேரி சந்தை. டெம்போவில் போன ஆடுகளில் ஒரு குட்டி மட்டும் தலையை வெளியே நீட்டித் தெருவில் போகிற எல்லாரையும் பார்த்துக்கொண்டே போனது. வகுப்பில் சன்னலோரம் நீ உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. வாக்கரோடு இன்று வாசல் வரை போனாயா?"

நான்கு நிமிடத்தில் பதில் வந்தது. "போனேன். குட்டிக்குக் கொம்பு உண்டா?"

"மேச்சேரி ஆட்டுக்குக் கொம்பு கிடையாது. கிடாவுக்கும் கிடையாது."

"அப்படியானால் அது நான்தான்."

ஐந்து வருடம் படம் அனுப்பியதில் நாங்கள் ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை.

அந்த மூன்று வரியில் காலை வணக்கம் என்ற சொல்லே இல்லை என்பதை அனுப்பிய பிறகுதான் கவனித்தேன். அது ஒரு குறையாக அவனுக்கும் படவில்லை. யோசித்தால் நம் பக்கத்தில் காலையில் வணக்கம் சொல்கிற வழக்கம் வீட்டிலும் தெருவிலும் எப்போது இருந்தது? பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்குச் சொல்வோம், மேடையில் சொல்வோம். தெருவில் எதிர்ப்பட்டால் கேள்விதான். இங்கே பால் ஊற்ற வருகிறவர் என்னைப் பார்த்ததும் "ஏனுங்கய்யா, காப்பித்தண்ணி ஆச்சுங்களா?" என்பார். கையில் பை இருந்தால் "சந்தைக்குங்களா?" என்பார். குடத்தோடு ஒரு பெண் போனால் "தண்ணி வந்திருச்சா?" என்று கேட்பார்கள். குடை வைத்திருந்தால் மழையைப் பற்றி. கேட்கிறவருக்குப் பதில் அவ்வளவு முக்கியம் இல்லை. மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் நூறு வருடத்துக்கு முன் இப்படிப்பட்ட பேச்சைப் பற்றி எழுதியிருக்கிறார். செய்தி சொல்வதற்காக இல்லை, உறவை வைத்துக்கொள்வதற்காகப் பேசுகிற பேச்சு என்றார். அது சரிதான். ஆனால் நம் தெருப் பேச்சில் இன்னொன்றும் இருக்கிறது. கேள்வி எதிரில் நிற்பவரின் கையிலிருந்து பிறக்கிறது. பையைப் பார்த்தால் பை, குடத்தைப் பார்த்தால் குடம். உன்னைப் பார்த்தேன் என்பதுதான் அதன் செய்தி. அதனால் தினமும் கேட்டாலும் அது பழசாவதில்லை.

கைபேசியில் எதிராளியின் கை தெரிவதில்லை. அதனால் நாம் அதை ஞாபகத்தில் பார்க்க வேண்டியிருக்கிறது. நேற்று அவன் என்ன சொன்னான்? இன்று அவனுக்கு என்ன கிழமை, என்ன வேலை? மாத்திரை வாங்கப் போவதாகச் சொன்னானா? மகன் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவானா? இதுதான் பார்வை. இதற்காக நான் ஒரு சின்னப் பழக்கம் வைத்திருக்கிறேன். தலைமாட்டில் ஒரு பழைய நாட்காட்டி. யாராவது ஏதாவது சொன்னால் அந்தத் தேதியில் இரண்டு சொல் குறித்துவைப்பேன். "கண் டாக்டர்", "பேத்தி பரீட்சை", "மாமரம் வெட்டு". ஒருவர் பேத்திக்குப் பரீட்சை முடிந்த மறுநாள் காலையில் "கணக்கு எப்படிப் போச்சாம்?" என்று கேட்டால், அதற்கு மேல் ஒரு வணக்கம் வேண்டாம்.

பொருளுக்கு நான் எங்கும் போவதில்லை. காலையில் எழுந்து காப்பிக்கு முன் ஐந்து நிமிடம் வாசலில் நிற்பேன். நேற்று இல்லாதது ஒன்று இன்று கட்டாயம் இருக்கும். எதிர்வீட்டுக் கோலத்தில் ஒரு புள்ளி பிசகியிருக்கும். பத்ரகாளியம்மன் கோயில் பக்கத்திலிருந்து ஒலிபெருக்கி வழக்கத்தைவிடச் சீக்கிரம் பாடும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வேன். இரண்டு எடுத்தால் பட்டியலாகிவிடும். எடுத்ததை இரண்டு மூன்று வரிக்குள் எழுதுவேன். எழுதி முடித்ததும் 'இனிய', 'அழகான', 'அருமையான' எல்லாவற்றையும் அடித்துவிடுவேன். ஆட்டுக்குட்டி தலையை நீட்டியது என்றால் போதும், அழகாக நீட்டியது என்று சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் வருகிற வாழ்த்து வரியையும் பெரும்பாலும் எடுத்துவிடுவேன். ஐந்து மணிக்கே எழுதிவிட்டாலும் ஏழுக்கு மேல்தான் அனுப்புவேன். எழுபது வயதில் விடியற்காலைத் தூக்கம் கிடைப்பதே அரிது. அதை டிங் என்று ஒலி போட்டுக் கெடுப்பது பாவம்.

பள்ளியில் எங்களுக்கு மதாம் தெ செவிஞே என்ற பிரெஞ்சுச் சீமாட்டியின் கடிதங்கள் பாடமாக இருந்தன. 1671இல் அவர் மகள் கணவனோடு தெற்கே ப்ரொவான்சுக்குப் போய்விட்டாள். அதன் பிறகு இருபத்தைந்து வருடம், தான் சாகும் வரை, பிரிந்திருந்த காலமெல்லாம் அந்த அம்மாள் மகளுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். அரசவை வம்பு, மழை, வந்துபோன விருந்தாளி, தன் மூட்டுவலி, இவ்வளவுதான் அதில். சின்ன வயதில் எனக்குச் சலிப்பாக இருந்தது. இத்தனை சின்ன விஷயத்தை எதற்குப் பாடமாக வைத்தார்கள் என்று தோன்றும். மகள் கூட இல்லாத வீட்டில் ஒரு தாய் காலையில் எழுந்து என்ன செய்வாள் என்று அப்போது தெரியவில்லை. இப்போது என் நண்பனின் வீட்டைப் பார்த்தால் தெரிகிறது.

எழுத ஆரம்பித்த பிறகு தவறு செய்யாமல் இல்லை. மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, திருட்டு. ஒரு நாள் எங்கள் மின்சார மீட்டர் பெட்டிக்குள் சிட்டுக்குருவி கூடு கட்டியிருந்தது. அதை எழுதி, "உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்" என்று காரைக்கால் நண்பனுக்கு அனுப்பினேன். வாசகம் நன்றாக வந்துவிட்டதே என்ற ஆசையில், "உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்" என்று மாற்றி என் மச்சானுக்கும் தள்ளினேன். அடுத்த மாதம் ஒரு கலியாணத்தில் இரண்டு பேரும் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். குருவியைப் பற்றிப் பேச்சு வந்திருக்கிறது. இரண்டு கைபேசியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அன்று என் மானம் போனது. ஒரே குருவியை இரண்டு பேருக்குச் சொல்லலாம், தப்பில்லை. ஆனால் பார்வை வரி மாற வேண்டும். மச்சான் மின்வாரியத்தில் இருந்தவர். மீட்டர் கணக்கெடுக்க வருகிறவரிடம் என்ன சொல்வது என்று அவரிடம் கேட்டிருக்கலாம். அவருக்கு அது வேறு குருவியாகியிருக்கும்.

இரண்டாவது, கேள்வித் தொல்லை. எங்கள் அலுவலகத்தின் பழைய கண்காணிப்பாளருக்கும் எழுதிவந்தேன். என்னைவிட எட்டு வயது மூத்தவர். மரியாதையாகத் தினமும் ஒரு கேள்வியோடு முடிப்பேன். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் எழுதினார், "நீங்கள் எழுதுவது நன்றாக இருக்கிறது. ஆனால் தினமும் பதில் போடுவது எனக்கு மறுபடி ஆபீசுக்குப் போகிற மாதிரி இருக்கிறது." அவர் சொன்னது நியாயம். இப்போது வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் கேள்வி வைப்பதில்லை. வைத்தாலும் ஒரு சொல்லில் பதில் சொல்லக்கூடியதாக இருக்கும். "போனாயா?" என்று கேட்கலாம். "பென்ஷன் நிலுவை என்ன ஆயிற்று?" என்று காலை ஏழு மணிக்குக் கேட்கக்கூடாது.

மூன்றாவதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இது படம் அனுப்பிய காலத்தில் நடந்தது. உறவில் ஒரு வீட்டில் சாவு. எனக்குத் தகவல் வரும் முன்பே, பழக்க தோஷத்தில், மகிழ்ச்சி பொங்கட்டும் என்ற ரோஜாவை அந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். இருபது பேரை ஒரே தட்டில் தேர்ந்தெடுத்து அனுப்புகிறவனுக்கு எந்த வீட்டில் என்ன என்று தெரியாது. துக்க வீட்டுக்குக் கொஞ்ச நாள் காலை வணக்கமே வேண்டாம் என்பது என் முடிவு. "பத்து மணிக்கு வருகிறேன், ஏதாவது வாங்கி வரணுமா?" என்பது போதும்.

இப்படி எழுதினால் எத்தனை பேருக்கு எழுத முடியும் என்று கேட்பீர்கள். என்னால் நான்கு பேருக்குத்தான் முடிகிறது. அதிலும் தினமும் எழுதுவது ஒருவனுக்கு, மற்றவர்களுக்கு வாரம் இரண்டு. முன்பு நாற்பது பேருக்கு அனுப்பினேன். நிறுத்தியதும் இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள், பாக்கி முப்பது பேருக்கு மேல் கவனிக்கவே இல்லை. அந்தக் கணக்கு எனக்கு ஒரு பாடம்.

படமே கூடாது என்று சொல்லவும் மாட்டேன். என் அத்தை மகள் ஒருத்திக்குக் கண்பார்வை மங்கல். எழுத்துத் தட்ட வராது. அவள் தினமும் வாசலில் தான் போட்ட கோலத்தைப் படமெடுத்து அனுப்புவாள். பாதி நாள் படம் கோணலாக இருக்கும், அவள் கால்விரலும் ஓரத்தில் தெரியும். இதை வேறு யாரும் அனுப்ப முடியாது. வாங்குகிறவர் யார் என்று பார்க்காமல் எல்லாருக்கும் ஒன்றைத்தான் அனுப்புகிறாள், என் உறைச் சோதனையில் அது தேறாதுதான். ஆனாலும் கோலம் பெரிதாக இருந்தால் உடம்பு நன்றாக இருக்கிறது, நாலு புள்ளியில் முடிந்திருந்தால் முட்டிவலி என்று எனக்குத் தெரிந்துவிடும். அவள் கைரேகை அதில் இருக்கிறது. ஆகவே சோதனையைத் தளர்த்திக்கொண்டேன்.

எல்லா நாளும் பொருள் கிடைக்கும் என்றும் இல்லை. கிடைக்காத நாளில் சும்மா இருந்துவிடலாம். ஆனால் சும்மா இருப்பதை முன்பே சொல்லிவைக்க வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். எழுத ஒன்றும் இல்லாவிட்டால் "சவா" என்று ஒரு சொல். அதுவும் எட்டு மணிக்குள் வராவிட்டால் மற்றவன் போன் போட வேண்டும்.

நாங்கள் எழுதிக்கொண்டதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று. 2023 ஜூன் 12 அன்று மேட்டூர் அணையைத் திறந்தார்கள். மறுநாள் காலை அவனுக்கு எழுதினேன், "நேற்று இங்கிருந்து புறப்பட்டுவிட்டது. அரசலாற்றுக்கு வந்ததும் ஒரு வரி போடு." அணையிலிருந்து தண்ணீர் கல்லணைக்குப் போக மூன்று நான்கு நாள் ஆகும். அதன் பிறகு பிரிந்து பிரிந்து கடைமடைக்கு வந்துசேர எத்தனை நாள் என்பது ஆற்றின் இஷ்டம். அவன் பதில் போடவில்லை. நானும் கேட்கவில்லை. தினப்படி வணக்கம் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஜூலையில் ஒரு காலை வந்தது. "வந்துவிட்டது. கலங்கலாக இருக்கிறது. பாலம் வரை நடந்துபோய்ப் பார்த்தேன், கம்பு மட்டும்தான், வாக்கர் இல்லை." அந்த வரியை நான் இன்னும் அழிக்கவில்லை.

கடைசியாக ஒன்று. போன வருடம் ஒரு காலை, ஏழரைக்கு, அவனிடமிருந்து "இனிய காலை வணக்கம்" என்று மட்டும் வந்தது. மூன்று சொல். அவன் அப்படி எழுதி இரண்டு வருடம் ஆகிறது. உறையை மாற்றிப் பார்த்தேன், யாருக்கும் பொருந்துகிறது. பொருளும் இல்லை, பார்வையும் இல்லை, "சவா"கூட இல்லை. உடனே போன் போட்டேன். எடுத்தான், ஆனால் பேச்சு குழறியது, என்னை யார் என்று இரண்டு தடவை கேட்டான். பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு ஓடச் சொன்னேன். உடம்பில் உப்புச் சத்து குறைந்திருக்கிறது என்றார்கள். நான்கு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டான். நேரத்தோடு கொண்டுவந்தீர்கள் என்று டாக்டர் பையனிடம் சொன்னாராம்.

பழைய காலமாக இருந்தால், அன்று வந்த இனிய காலை வணக்கத்துக்கு நான் கட்டைவிரலை உயர்த்திவிட்டுக் காப்பி குடிக்கப் போயிருப்பேன்.

இன்று காலை அவனுக்கு எழுதியது: "மீட்டர் பெட்டிக்குக் குருவி மறுபடி வந்திருக்கிறது. இந்தத் தடவை உனக்குத்தான் முதலில், சத்தியமாக. மச்சானுக்கு மத்தியானம் சொல்கிறேன்."

பதில் வந்தது: "பந்தியில் கேட்டுக்கொள்கிறேன்."